கணக்கில் எடுத்த பணம் போய்ச் சேரவில்லை: வங்கிக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: 2025 ஜூன் 14, சனிக்கிழமை ராத்திரி 7.42-க்கு, திருநெல்வேலியில் படிக்கும் என் தம்பியின் கணக்குக்கு வங்கியின் மொபைல் ஆப் வழியாக ஐ.எம்.பி.எஸ்.ஸில் 48,500 ரூபாய் அனுப்பினேன். என் கணக்கில் எடுத்துவிட்டார்கள், ஆப்பிலும் ‘சக்சஸ்’ என்றுதான் இருக்கிறது. ஆறு நாளாகியும் தம்பிக்கு வரவில்லை. எங்கள் கிளையில், “இங்கிருந்து போயிடுச்சும்மா, அந்த பேங்க்ல கேளுங்க” என்கிறார்கள். அங்கே, “எங்களுக்கு வரவே இல்ல” என்கிறார்கள். எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். என்ன எழுதுவது, யாருக்கு எழுதுவது?
– வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: இரண்டு கிளைக்காரர்களும் உங்களிடம் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு பேச்சும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். அது எப்படி என்று புரிந்துவிட்டால், கடிதத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதும் தானாகவே தெளிவாகிவிடும்.

நீங்கள் பொத்தானை அழுத்தியதும் உங்கள் வங்கி முதலில் உங்கள் கணக்கில் பணத்தை எடுத்துவிடும். பிறகு அந்தச் செய்தி நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் நடத்தும் மையக் கணினிக்குப் போகும். அங்கிருந்து தம்பியின் வங்கிக்குப் போகும். அந்த வங்கி கணக்கில் வரவு வைத்து, ‘வைத்துவிட்டேன்’ என்று பதில் அனுப்ப வேண்டும். இவ்வளவும் சில விநாடிகளில் நடக்கிற காரியம். இதில் கடைசிப் பதில் மட்டும் வராமல் போகும் நேரங்கள் உண்டு. அந்த வங்கியின் சர்வர் திணறியிருக்கலாம், இணைப்பு ஒரு கணம் அறுந்திருக்கலாம். பதில் வராதபோது பணம் தம்பியின் கணக்கில் ஏறியதா இல்லையா என்று உங்கள் வங்கிக்குத் தெரியாது. அவசரப்பட்டு உங்களுக்குத் திருப்பிவிட்டால், அங்கேயும் ஏறியிருந்தால், ஒரே தொகை இரண்டு இடத்தில் நின்றுவிடும். அதனால் ‘போய்ச் சேர்ந்ததாகக் கருதுவோம்’ என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஆப்பில் தெரியும் ‘சக்சஸ்’ அந்தக் கருதலாகவும் இருக்கக்கூடும்.

இதில் வெளியே தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. வங்கிகளுக்கு இடையே கணக்குத் தீர்க்கும்போது, இப்படிக் கருதப்பட்ட தொகையும் உங்கள் வங்கியிடமிருந்து எடுக்கப்பட்டு தம்பியின் வங்கிக்குக் கொடுக்கப்பட்டுவிடும். ஆக உங்கள் கிளை ‘போயிடுச்சு’ என்றது சரி. அங்கே கவுன்ட்டரில் இருப்பவர் தம்பியின் கணக்கை மட்டும் திறந்து பார்த்து ‘வரல’ என்றதும் சரி. 48,500 ரூபாய் அந்த வங்கியின் உள்கணக்கு ஒன்றில், யாருடைய பெயரிலும் ஏறாமல் உட்கார்ந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அதை எடுத்துத் தம்பியின் கணக்கில் வைக்கவோ உங்களுக்குத் திருப்பி அனுப்பவோ வேண்டியது அந்த வங்கி. ஆனால் அதைக் கேள்வி கேட்கும் வழி உங்கள் வங்கியிடம்தான் இருக்கிறது. வங்கிகள் தங்களுக்குள் வழக்கு எழுப்பிக்கொள்ளும் கணினி முறையில், அனுப்பிய வங்கி எழுப்பினால்தான் பெற்ற வங்கி பதில் சொல்லியாக வேண்டும். நீங்களோ தம்பியோ அங்கே போய் நின்று கேட்பதற்கு அந்தக் கட்டாயம் இல்லை.

ஆகவே கடிதம் உங்கள் வங்கிக்கு. அதில் முதன்மையாகக் கேட்க வேண்டியது, ‘வரவு வைத்தீர்களா, திருப்பினீர்களா என்று அந்த வங்கியிடம் பதில் வாங்கி எனக்கு எழுத்தில் தாருங்கள்’ என்பது. ‘என் பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று மட்டும் எழுதினால், ‘பரிமாற்றம் வெற்றி’ என்ற ஒரே வரியில் முடித்து அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலான கடிதங்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

எழுதுவதற்கு முன் இரண்டு காரியம் செய்துவிடுங்கள். முதலாவது, உங்கள் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை ஜூன் 14 முதல் இன்றுவரை எடுத்து ஒவ்வொரு வரவையும் பாருங்கள். திரும்பி வரும் பணத்துக்குச் சில நேரம் எஸ்.எம்.எஸ். வராது. மாதக் கடைசிச் சம்பளமும் வீட்டுச் செலவும் கலந்து கிடக்கும் கணக்கில் மீதித் தொகையை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ‘REV’ என்றோ ‘RET’ என்றோ தொடங்கும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டாவது, தம்பியிடமும் அதே தேதிகளுக்கு ஸ்டேட்மென்ட் கேளுங்கள். ஆப்பில் தெரியும் மீதித் தொகையின் படம் போதாது. ஜூன் 14 அன்று அவர் கணக்கில் நடந்த எல்லா வரிகளும் தெரிய வேண்டும். அது கையில் இருந்தால் ‘வரவு ஆகிவிட்டது’ என்ற பதில் வரும்போது எதிர்த்து நிற்கலாம்.

கூடவே, நீங்கள் ஆப்பில் பதிந்துவைத்த தம்பியின் கணக்கு எண்ணை அவருடைய பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள். ஒருவர் எண்களைச் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் விரல் வைத்துப் பார்ப்பது நல்லது. 4471 என்பது 4417 ஆகியிருந்தால் கண் அதைச் சேர்த்துப் படித்துத் தாண்டிவிடும். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பணம் ஏறுவது கணக்கு எண்ணை வைத்துத்தான். தம்பியின் பெயரைச் சரியாக எழுதியிருந்தாலும், எண் வேறொருவருடையதாக இருந்தால் பணம் அவரிடம் போய்விடும். அப்படியானால் அது தோல்வியடைந்த பரிமாற்றம் ஆகாது. கீழே சொல்லும் இழப்பீட்டு விதியும் அதற்குப் பொருந்தாது. அந்தக் கணக்குக்காரரின் சம்மதம் பெற்றுப் பணத்தைத் திருப்பித் தரும்படி வங்கி வழியாகக் கேட்க வேண்டிய வேறு வழக்கு அது. ஆகவே எண் சரி என்று உறுதியான பிறகே இந்தக் கடிதத்தை எழுதுங்கள்.

அடுத்தது குறிப்பு எண். கடிதத்தில் இதைவிட முக்கியமான வரி கிடையாது. ஐ.எம்.பி.எஸ். பரிமாற்றத்துக்கு 12 இலக்கத்தில் ஓர் எண் உண்டு. வங்கியில் ஆர்.ஆர்.என். என்பார்கள். இரண்டு வங்கிகளும், நடுவில் இருக்கும் மையமும் இந்த ஒரே எண்ணை வைத்துத்தான் தேடுகிறார்கள். ஆப் காட்டும் ரசீதில் இன்னும் ஒன்றிரண்டு எண்கள் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருப்பது பெரும்பாலும் உங்கள் வங்கியின் உள்குறிப்பு. அதைத் தம்பியின் வங்கியில் கொடுத்தால் தேடிவிட்டு ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். உங்களுக்கு ‘வரவே இல்ல’ என்ற பதில் வந்ததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். ஸ்டேட்மென்ட்டில் அந்த வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
IMPS/P2A/516519304827/...
```

சாய்கோடுகளுக்கு நடுவே இருக்கும் 12 இலக்கம்தான் நமக்கு வேண்டியது. (மேலே உள்ளது மாதிரி எண்தான், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.) இது சரியான எண்தானா என்று நீங்களே ஓரளவு சோதிக்கலாம். வழக்கமான அமைப்பில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண். 2025-க்கு 5. அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. ஜனவரி 1-லிருந்து எண்ணினால் ஜூன் 14 என்பது 165-ஆவது நாள். அதற்கடுத்த இரண்டு இலக்கம் பெரும்பாலும் மணி. ராத்திரி 7.42 என்பது 19 மணி. ஆக 516519 என்று தொடங்கினால் எண் உங்கள் பரிமாற்றத்தோடு பொருந்துகிறது. 5166 என்று தொடங்கினால் வேறு நாளின் எண்ணை எடுத்து எழுதிவிட்டீர்களோ என்று மறுபடியும் பாருங்கள்.

இனி உங்கள் பக்கம் இருக்கும் விதி. தோல்வியடைந்த பரிமாற்றங்களுக்கான கால வரம்பையும் இழப்பீட்டையும் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையில் வகுத்திருக்கிறது. ஐ.எம்.பி.எஸ்.ஸில் கணக்கில் எடுத்த பணத்தைப் பெறுபவர் கணக்கில் வைக்க முடியாமல் போனால், பெற்ற வங்கி மறுநாளுக்குள் அதைத் தானாகவே திருப்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். நீங்கள் கேட்காமலேயே தர வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. நாள் என்பது காலண்டர் நாள். ஜூன் 14 இரண்டாம் சனி, 15 ஞாயிறு, இரண்டும் வங்கி விடுமுறை. ‘லீவு வந்துடுச்சும்மா’ என்று சொல்வார்கள், ஆனால் இந்தக் கணக்கில் விடுமுறைக்கு இடமில்லை. 14 பரிமாற்ற நாள், 15 கெடு, 16-ஆம் தேதியிலிருந்து தாமதம். ஜூன் 20 அன்று கடிதம் எழுதினால், 16, 17, 18, 19, 20 என ஐந்து நாளுக்கு 500 ரூபாய் ஆகியிருக்கும். பணம் 25-ஆம் தேதி திரும்பினால் பத்து நாளுக்கு 1,000 ரூபாய். இந்த எண்ணிக்கையைக் கடிதத்திலேயே போட்டுவிடுங்கள். விதி தெரிந்தவர் எழுதிய கடிதம் என்று தெரிந்தால், அதை மேசையில் ஒதுக்கிவைக்கக் கை வராது.

கடிதம் இப்படி இருக்கட்டும். தமிழிலேயே எழுதலாம். ஆனால் எண்களையும் ஸ்டேட்மென்ட் வரியையும் திரையில் இருக்கிறபடியே எழுதுங்கள். கிளையிலிருந்து அது தலைமை அலுவலகத்தின் பரிமாற்றப் பிரிவுக்குப் போகும்போது, அங்கே இருப்பவர் முதலில் தேடுவது அவற்றைத்தான்.

பெரம்பூர், சென்னை 600011
20-06-2025

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், … வங்கி, பெரம்பூர் கிளை
நகல்: முதன்மை நோடல் அதிகாரி, … வங்கி

பொருள்: 14-06-2025 அன்று ஐ.எம்.பி.எஸ். மூலம் அனுப்பிய ரூ.48,500 பெறுநர் கணக்கில் வரவாகாதது – RRN 516519304827

ஐயா / அம்மா,

தங்கள் கிளையில் எனக்குள்ள சேமிப்புக் கணக்கிலிருந்து (எண் கடைசி நான்கு இலக்கம் ….) கீழ்க்கண்ட பரிமாற்றத்துக்காகப் பணம் எடுக்கப்பட்டுள்ளது.

தேதி, நேரம்: 14-06-2025, மாலை 7.42
தொகை: ரூ.48,500
வழி: தங்கள் வங்கியின் மொபைல் ஆப், ஐ.எம்.பி.எஸ். (கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. மூலம்)
RRN: 516519304827
ஸ்டேட்மென்ட் வரி: (அப்படியே எழுதவும்)
பெறுநர் பெயர், வங்கி, கிளை, ஐ.எஃப்.எஸ்.சி., கணக்கு எண்: ……

பெறுநரின் கணக்கு ஸ்டேட்மென்ட்டை 14-06-2025 முதல் 20-06-2025 வரை சரிபார்த்ததில் இத்தொகை வரவாகவில்லை. இதே காலத்தில் என் கணக்குக்கும் திரும்பி வரவில்லை. கொடுத்த கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் பெறுநரின் பாஸ்புக்கோடு ஒத்துப்போகின்றன.

எனவே கேட்டுக்கொள்வது:

1. மேற்கண்ட RRN-ஐ வைத்துப் பெறுநர் வங்கியின் மீது வழக்கு எழுப்பி, தொகை வரவு வைக்கப்பட்டதா, திருப்பப்பட்டதா என்ற அவ்வங்கியின் பதிலை எனக்கு எழுத்தில் தரவும்.

2. வரவு வைக்கப்பட்டதாகப் பதில் வந்தால், வரவு வைத்த தேதி, நேரம், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் ஆகியவற்றைத் தெரிவிக்கவும்.

3. வரவு வைக்கப்படவில்லை என்றால் ரூ.48,500-ஐ என் கணக்கில் திருப்பி வைக்கவும்.

4. ரிசர்வ் வங்கியின் 20-09-2019 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி 16-06-2025 முதல் பணம் திரும்பும் நாள் வரை நாளொன்றுக்கு ரூ.100 வீதம் இழப்பீட்டை என் கணக்கில் வரவு வைக்கவும். இன்றைய தேதிவரை இது ரூ.500.

இந்தப் புகாருக்குப் பதிவு எண் தரவும்.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர், பதிவு செய்த கைபேசி எண்)

இணைப்பு: என் ஸ்டேட்மென்ட், பெறுநரின் ஸ்டேட்மென்ட், ஆப் ரசீதின் படம், பெறுநர் பாஸ்புக் முதல் பக்க நகல்.

இதில் இரண்டாவது கோரிக்கையை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். ‘வரவு ஆகிவிட்டது’ என்று ஒரு வார்த்தையில் பதில் வந்தால் அதைச் சரிபார்க்க உங்களுக்கு வழியே இல்லை. தேதியும் நேரமும் கடைசி நான்கு இலக்கமும் வந்தால், தம்பியின் ஸ்டேட்மென்ட்டில் அந்த நிமிடத்தை எடுத்துப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடலாம். தம்பியின் பெயருக்கும் கணக்கு எண்ணுக்கும் தனி வரி வைத்ததும் இதற்காகத்தான். கடிதத்தில் முழுக் கணக்கு எண் வேண்டியது பெறுநருடையதற்கு மட்டும். உங்கள் ஏ.டி.எம். கார்டு எண், அதன் பின்பக்க மூன்று இலக்கம், எம்-பின், ஓ.டி.பி. எதையும் எழுதாதீர்கள். புகாருக்கு அவை எந்த விதத்திலும் தேவைப்படாது. தம்பியின் ஸ்டேட்மென்ட்டில் நம் விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத வரிகளைக் காகிதத்தால் மறைத்து நகல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 14-ஆம் தேதியின் வரிகளை மறைக்க வேண்டாம்.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து நேரில் கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் கிளையின் சீல், தேதி, வாங்கியவரின் கையெழுத்து மூன்றையும் வாங்குங்கள். சீல் மட்டும் குத்தித் தேதி போடாமல் நீட்டுவார்கள். தேதி இல்லாத சீலால் பின்னால் உங்களுக்குப் பயன் இல்லை, நின்று கேட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் வம்பு வேண்டாம், அன்றே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே நாளில், வங்கியில் நீங்கள் பதிந்திருக்கும் மின்னஞ்சல் முகவரியிலிருந்து கிளைக்கும் முதன்மை நோடல் அதிகாரிக்கும் இதையே அனுப்புங்கள். வங்கியில் புகார்களுக்குப் பொறுப்பான மேலதிகாரி அவர். அவருடைய முகவரி வங்கியின் இணையதளத்தில் குறைதீர்ப்புப் பக்கத்தில் இருக்கும், கிளையின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருப்பார்கள். மின்னஞ்சலின் பொருள் வரியில் RRN-உம் தொகையும் இருக்கட்டும். கால் சென்டரில் பேசுவதைத் தவறு என்று சொல்லமாட்டேன், புகார் எண் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அங்கே பேசியதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். ‘ஏழு நாள் பொறுங்கள்’ என்று ஒருவர் சொன்னதற்கு உங்களிடம் எந்தத் தடயமும் இருக்காது.

பதில் வரும்போது அதை எப்படிப் படிப்பது என்று சொல்லிவிடுகிறேன். மூன்று விதமாக வரலாம்.

பணம் திரும்பிவிட்டது என்பது ஒன்று. இது எளிது.

‘எங்கள் பக்கம் வெற்றி, பெறுநர் வங்கியை அணுகவும்’ என்பது இரண்டாவது. இது உங்கள் கேள்விக்குப் பதிலே இல்லை. உடனே, அதே மின்னஞ்சலுக்கு மறுமொழியாக, ‘பெறுநர் வங்கி வரவை உறுதி செய்ததா? செய்திருந்தால் தேதி, நேரம், கணக்கின் கடைசி நான்கு இலக்கம் என்ன? 20-06-2025 கடிதத்தின் 1, 2-ஆம் கோரிக்கைகளுக்குப் பதில் இல்லை’ என்று மூன்று வரி எழுதுங்கள். புதிதாக வேறு புகார் பதிய வேண்டாம். புதுப் புகார் எண் வந்தால் சில இடங்களில் பழையதை ‘முடிந்தது’ என்று மூடிவிடுகிறார்கள், தேதியும் புதிதாக எண்ணப்படும்.

மூன்றாவது, ‘இன்ன தேதியில் கடைசி நான்கு இலக்கம் 4471 கொண்ட கணக்கில் வரவாகிவிட்டது’ என்ற பதில். இலக்கம் தம்பியுடையதுதான், ஆனால் ஸ்டேட்மென்ட்டில் அந்த வரவு இல்லை என்றால், இப்போதுதான் தம்பி தன் வங்கிக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதம் சின்னது. RRN, தொகை, தேதி, ‘வரவு வைத்ததாகத் தாங்கள் அனுப்பிய வங்கிக்கு உறுதி அளித்திருக்கிறீர்கள், என் ஸ்டேட்மென்ட்டில் இல்லை, எந்தக் கணக்கில் வைத்தீர்கள் என்று தெரிவிக்கவும்’ என்று எழுதி, உங்கள் வங்கியின் பதிலையும் ஸ்டேட்மென்ட்டையும் இணைத்தால் போதும். வெறுங்கையோடு போனபோது ‘வரவே இல்ல’ என்றவர்கள், தங்கள் வங்கியே கொடுத்த உறுதியைக் காகிதத்தில் பார்க்கும்போது பரிமாற்றப் பிரிவுக்கு அனுப்பாமல் இருக்க முடியாது. இலக்கமே தம்பியுடையது இல்லை என்றால், மேலே சொன்ன எண் பிசகு வழக்கு இது. உங்கள் ஆப்பில் பதிந்த எண்ணை மறுபடி பார்த்துவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

மாணவர்களின் கணக்கு என்பதால் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். முழு அடையாள ஆவணம் கொடுக்காமல் திறந்த ‘சிறு கணக்கு’ என்றால் அதில் எந்த நேரமும் 50,000 ரூபாய்க்கு மேல் மீதி இருக்கக் கூடாது, ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரவும் கூடாது. தம்பியின் கணக்கில் ஏற்கெனவே 2,000 ரூபாய் இருந்திருந்தாலே 48,500 அந்த வரம்பைத் தாண்டிவிடும். நெடுநாள் பயன்படுத்தாமல் கிடந்த கணக்கும், கே.ஒய்.சி. புதுப்பிக்காமல் முடக்கப்பட்ட கணக்கும் இதே போலத்தான். அப்படி எதுவும் இருந்தால் இந்தப் பணம் திரும்பி வந்த பிறகும் அதே கணக்குக்கு மறுபடி அனுப்பாதீர்கள்.

கடிதம் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கிக் கட்டடத்துக்கு அலையவும் வேண்டாம். cms.rbi.org.in தளத்தில் பதியலாம், சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அங்கே முதலில் கேட்பது, ‘வங்கிக்கு எந்தத் தேதியில் எழுதினீர்கள், நகல் எங்கே?’ என்பது. வங்கிக்கு எழுதாமல் நேரே போன புகாரை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பதில் வராத நிலையில் 30 நாள் ஆவதற்குள் போனாலும் அப்படித்தான். தேதி போட்ட சீலுக்காக நின்று கேளுங்கள் என்றது இதற்காக. உங்கள் தேதி ஜூன் 20 என்றால், பதிலே வராத நிலையில் ஜூலை 21-ஆம் தேதி புகாரைப் பதியலாம். அந்தப் புகாரில் வங்கிக்கு எழுதியதையே எழுதுங்கள், கோபத்தில் புதிய குற்றச்சாட்டுகளைச் சேர்க்காதீர்கள். வங்கிக்கு எழுதாத ஒன்றைச் சேர்த்தால் அந்தப் பகுதி நிற்காது.

இதே கடிதம் மற்ற வழிகளுக்கும் சிறு மாற்றத்தோடு பொருந்தும். யு.பி.ஐ.யில் ஒருவர் மற்றவருக்கு அனுப்பியது என்றால் கெடுவும் 100 ரூபாயும் இதேதான், 12 இலக்க எண்ணும் உண்டு. கடைக்காரருக்குச் செலுத்தி அவருக்கு உறுதி போகவில்லை என்றால் மட்டும் கெடு ஐந்து நாள். நெஃப்ட்டில் குறிப்பு எண் 16 எழுத்து கொண்ட யூ.டி.ஆர்., அதன் முதல் நான்கு எழுத்து அனுப்பிய வங்கியின் குறியீடு. அதில் பணம் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகிறது. தொகுப்பு தீர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் வரவு வைக்கவோ திருப்பவோ வேண்டும். தாமதத்துக்கு நாளுக்கு நூறு என்ற கணக்கு அங்கே இல்லை, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டி வட்டி தர வேண்டும். ஆகவே நான்காவது கோரிக்கையை மட்டும் மாற்றி எழுதுங்கள்.

ஆப்பில் ‘சக்சஸ்’ இல்லாமல் ‘ஃபெயில்டு’ என்று காட்டியும் பணம் எடுக்கப்பட்டிருந்தால் அது வேறு நிலை. பணம் பெரும்பாலும் உங்கள் வங்கியை விட்டு வெளியே போயிருக்காது. முதல் இரண்டு கோரிக்கை தேவையில்லை, மூன்றும் நான்கும் போதும்.

பதில் வரும்வரை ஒரு காரியத்தில் மிகுந்த கவனம் வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணைக் கூப்பிடாதீர்கள். சமூக வலைத்தளத்தில் வங்கியைக் குறிப்பிட்டு, RRN-உம் கைபேசி எண்ணும் தெரியும்படி பதிவு போடாதீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் ஒருவர் அழைத்து, உங்கள் தொகையையும் தேதியையும் அவரே சொல்லி, ‘ரீஃபண்டு அனுப்பறேன், யு.பி.ஐ. பின் போடுங்க’ என்பார், அல்லது உங்கள் திரையைப் பார்க்கும் ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார். உங்களுக்குப் பணம் வருவதற்கு நீங்கள் பின் போட வேண்டிய அவசியமே கிடையாது. பின் கேட்கும் திரை பணம் வெளியே போகும் திரை. அப்படிப் போட்டுவிட்டவர்கள் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

தம்பிக்குப் பணம் அவசரம் என்றால் வேறு கணக்குக்கு அனுப்பலாம், பழையது வந்தால் அவர் திருப்பித் தந்துவிடுவார். இதுவே வீட்டுக்காரருக்கோ ஒரு வியாபாரிக்கோ அனுப்பிய தொகை என்றால், முதல் தொகை வந்தால் திருப்பித் தருவதாக அவரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்காமல் இரண்டாம் முறை அனுப்ப வேண்டாம்.

பணம் திரும்பிய அன்று ஸ்டேட்மென்ட்டை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். 48,500 ஒரு வரியாகவும், தாமத நாட்களுக்கான தொகை இன்னொரு வரியாகவும் வந்திருக்க வேண்டும். முதல் வரி மட்டும் வந்திருந்தால், அதே புகார் எண்ணைப் போட்டு, ‘இன்ன தேதியில் தொகை திரும்பியது, 16-06-2025 முதல் அந்தத் தேதிவரை இத்தனை நாளுக்கான இழப்பீடு வரவில்லை, அது வரும்வரை புகாரை மூட வேண்டாம்’ என்று அன்றே எழுதி அனுப்பிவிடுங்கள்.